பீரோவுக்குள் எத்தனை வரி?

மகளின் கல்யாணச் சீருக்கு ஸ்டீல் பீரோ வாங்கிய ஒரு தந்தை, பில்லின் நகலோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததும், மாதக்கணக்கில் மேசையில் கிடந்த மற்ற வரிக் கேள்விகளும் அந்தப் பீரோவுக்குள்ளேயே அடங்கிவிடும் என்று தோன்றியது. தகடு, பூட்டு, கண்ணாடி, பெயிண்ட், முடிந்த பீரோ எல்லாவற்றுக்கும் இன்று ஒரே 18 சதவீதம்தான். கணக்குப் பார்க்க இதைவிட வசதியான சாமான் கிடைக்காது. அதனால் இந்த முறை முழுக்கப் பீரோதான். விலைகளைக் கணக்கு புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

பீரோ விலை 12,000. வரி 2,160. மொத்தம் 14,160 கொடுத்தேன். அதே கடையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன், "முதலாளி உங்க பீரோவுக்குக் கட்டுற வரி 540 ரூபாய்தான் மாமா" என்கிறான். மீதி 1,620 அவர் பைக்குள் போகிறதா?
*— விருதுநகர்*

பையன் சொன்ன தொகை சரி. உங்கள் சந்தேகம்தான் தவறு. அந்த 1,620 ரூபாயை உங்களிடம் வாங்கும் முன்பே அவர் கொடுத்துவிட்டார். பட்டறையில் 9,000 ரூபாய்க்குப் பீரோ எடுத்தபோது, அதன் மேல் 18 சதவீதமாக 1,620 சேர்த்து 10,620 எண்ணி வைத்தார். உங்களிடம் 2,160 வசூலித்தார். முன்பு கொடுத்த 1,620-ஐக் கழித்துக்கொண்டு, மிச்சம் 540-ஐ அரசுக்குக் கட்டுகிறார். வியாபாரிகள் இதைத்தான் "இன்புட் எடுக்கிறது" என்பார்கள். சட்டத்தின் பேச்சில் உள்ளீட்டு வரி வரவு.

உங்கள் வரியில் அவர் பைக்குப் போனது பூஜ்யம். அவருடைய லாபமும் வாடகையும் கூலியும், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள 3,000 ரூபாய்க்குள் இருக்கின்றன.

சரி, 540 கடைக்காரர் கட்டினார். மிச்சம் 1,620-ஐ அரசுக்கு உண்மையில் யார் கட்டினார்கள்?
*— அருப்புக்கோட்டை*

மூன்று பேர். பீரோவைப் பின்னோக்கி நடத்திப் பார்ப்போம்.

தகடு ஆலை ஒரு பீரோவுக்கு வேண்டிய தகட்டை 4,000 ரூபாய்க்கு இரும்புக் கடைக்கு விற்கிறது. வரி 720. இரும்புக் கடைக்காரர் அதைப் பட்டறைக்கு 5,000-க்கு விற்கிறார். வரி 900. அவர் ஏற்கெனவே ஆலைக்குக் கொடுத்தது 720. ஆகவே கட்ட வேண்டியது 180. பட்டறைக்காரர் தகட்டை வெட்டி, மடித்து, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து 9,000-க்குக் கொடுக்கிறார். வரி 1,620. அவர் இரும்புக் கடைக்குக் கொடுத்த 900 போக, கட்டுவது 720. கடைசியில் ஷோரூம், நாம் பார்த்த 540.

ஆலை 720, இரும்புக் கடை 180, பட்டறை 720, ஷோரூம் 540. கூட்டிப் பாருங்கள், 2,160. நீங்கள் பில்லில் பார்த்த தொகை அதே 2,160. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல் இல்லை. ஒவ்வொருவரும் தான் கூட்டிய மதிப்புக்கு மட்டும் 18 சதவீதம் கட்டியிருக்கிறார். இரும்புக் கடை கூட்டியது 1,000, அதற்கு 180. பட்டறை கூட்டியது 4,000, அதற்கு 720. துண்டு துண்டாகக் கூட்டிய மதிப்பெல்லாம் சேர்ந்ததுதான் 12,000. எனவே துண்டு துண்டான வரியும் சேர்ந்தால் 12,000-க்கு 18 சதவீதம்தான் வரும்.

பூட்டும் கண்ணாடியும் பெயிண்டும் எங்கே என்று பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவற்றுக்குக் கொடுத்த வரிக்கும் இதேபோல இன்புட் உண்டு. ஒரு கோட்டில் நடக்கட்டும் என்று தகட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

முதலில் நிற்கும் ஆலைக்குக் கழிக்க எதுவும் இல்லையே, பாவம்!
*— காரைக்குடி*

இருக்கிறது. தாதுவுக்கும் நிலக்கரிக்கும் வரி கட்டித்தான் ஆலை வாங்குகிறது. நம் கணக்கு எங்கேயாவது தொடங்க வேண்டுமே என்று ஆலை வாசலில் தொடங்கினோம்.

இன்புட் என்ற ஏற்பாடே இல்லாவிட்டால் என்ன ஆகும்? "வரி மேல் வரி" என்கிறார்களே, அதைக் கணக்கில் காட்ட முடியுமா?
*— கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

காட்டலாம். அதே நான்கு பேர், அதே 18 சதவீதம், ஒவ்வொருவரும் கூட்டுகிற மதிப்பும் அதேதான். ஒன்றே ஒன்று மாறுகிறது: முன்பு கொடுத்த வரியைக் கழிக்க முடியாது. அப்போது அந்த வரி அவரவர் அடக்க விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆலை 4,000 மேல் 720 போட்டு 4,720-க்கு விற்கிறது. இரும்புக் கடைக்கு அதுவே அடக்கம். தன் 1,000-ஐச் சேர்த்தால் 5,720. அதற்கு 18 சதவீதம் 1,030. பில் 6,750. பட்டறை தன் 4,000-ஐச் சேர்த்தால் 10,750. வரி 1,935. பில் 12,685. ஷோரூம் தன் 3,000-ஐச் சேர்த்தால் 15,685. வரி 2,823. கல்யாண வீட்டார் கொடுப்பது 18,508 ரூபாய்.

14,160 ஆக இருந்தது 18,508. யாரும் ஒரு ரூபாய் கூட அதிக லாபம் வைக்கவில்லை. வரி மட்டும் 2,160-லிருந்து 6,508 ஆகிவிட்டது. பலகையில் எழுதியிருப்பது 18 சதவீதம். 12,000 ரூபாய்ப் பீரோ உண்மையில் சுமப்பது 54 சதவீதத்துக்கும் மேல்.

இதில் ஆலை போட்ட அந்த முதல் 720-ஐ மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது சரக்கு இல்லை, கூலி இல்லை, வெறும் வரி. ஆனால் இரும்புக் கடையில் அதன் மேல் 18 சதவீதம், பட்டறையில் அந்தக் கூட்டுத்தொகையின் மேல் மறுபடி 18, ஷோரூமில் மறுபடி 18. வாடிக்கையாளரிடம் வந்து சேரும்போது அந்த 720 மட்டும் 1,183 ஆகியிருக்கும். வரி மேல் வரி என்பது இதுதான். வட்டிக்கு வட்டி போல, கை மாற மாறக் குட்டி போடும்.

கூடுதல் வரியால் அரசுக்கு வருமானம்தானே? வாங்குகிறவர் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் என்ன?
*— கோவில்பட்டி*

கொஞ்சம் இல்லை என்று மேலே பார்த்தோம். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. என்னை உறுத்துவது அதுதான்.

ஆலை, கிடங்கு, பட்டறை, ஷோரூம் எல்லாமே ஒரே கம்பெனி என்று வையுங்கள். தகடு ஒரே கம்பெனிக்குள் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குப் போகிறது. அது விற்பனையே இல்லை. வரி கடைசியில் ஒரே ஒரு முறை, 12,000-க்கு 2,160. அதே பீரோவை நான்கு தனித்தனி ஆட்கள் செய்தால் 6,508. ஒரே பொருள், ஒரே உழைப்பு. ஆனால் சின்னப் பட்டறையின் பீரோ 4,348 ரூபாய் விலை அதிகம். பட்டறைக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. அவர் செய்த ஒரே குற்றம், தகட்டை அடுத்தவரிடம் வாங்கியது.

இது கற்பனை இல்லை. ஜெர்மனியில் முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, ஒவ்வொரு விற்பனையிலும் கழிவு இல்லாத வரி இருந்தது. மூலப்பொருள் முதல் விற்பனை வரை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் வரி மிச்சம் என்பதால், கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்க அது ஒரு தூண்டுதலாக இருந்தது. பிரான்சில் மோரிஸ் லோரே என்ற வரி அதிகாரி வகுத்த மதிப்புக் கூட்டு வரி 1954-ல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி 1968-ல் அந்த வழிக்கு மாறியது.

2017-க்கு முன்னால் நம் நாட்டில் இன்புட்டே கிடையாதா?
*— சேலம்*

உண்டு, ஆனால் சுவர் வைத்து உண்டு. தொழிற்சாலை கட்டும் கலால் வரியில் 1986-லேயே "மாட்வாட்" என்ற பெயரில் கழிவு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் விற்பனை வரியின் இடத்தில் 2007 ஜனவரியில் வாட் வந்தபோது அதிலும் கழிவு வந்தது. ஆனால் கலால் மத்திய அரசுடையது, வாட் மாநிலத்துடையது. ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் கழிக்க முடியாது.

கலால் கட்டும் அளவுக்குப் பெரிய பீரோத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காலத்தில் பொதுவான கலால் 12.5 சதவீதம், தமிழ்நாட்டு வாட் 14.5 சதவீதம். சரக்கு 100 ரூபாய் என்றால் கலாலோடு 112.50. வாட் போட்டது 100-க்கு இல்லை, 112.50-க்கு. ஆக 16.31. மொத்தம் 128.81. இதில் 1 ரூபாய் 81 காசு, கலாலுக்கே போட்ட வாட். பில்லில் அது தனியாகத் தெரியாது. அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது.

தகடு வேறு மாநிலத்திலிருந்து வந்தால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம். அதற்கு எவரும் எங்கும் கழிவு எடுக்க முடியாது. 4,000 ரூபாய்த் தகட்டில் 80 ரூபாய் அப்படியே ஒட்டிக்கொண்டு கடைசி வரை வரும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. இடித்தது இந்தச் சுவர்களைத்தான். விகிதம் அதிகமா குறைவா என்பது வேறு விவாதம்.

நான்கு இடத்தில் வசூலித்து, நான்கு இடத்தில் கழித்து, எதற்கு இந்தச் சுற்று? கடைசி விற்பனையில் மட்டும் 2,160 வாங்கினால் போதாதா?
*— ஈரோடு*

கணக்குப்படி போதும். அமெரிக்க மாநிலங்களின் விற்பனை வரி ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் 2,160-ஐயும் ஒரே ஆளை நம்பி விடுகிறீர்கள். ஷோரூம்காரர் பில் போடாமல் விற்றால் அரசுக்கு ஒன்றும் கிடைக்காது. நம் முறையில் அவர் பில் போடாவிட்டாலும் 1,620 ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். போவது 540 மட்டும்.

இன்னொன்றும் உண்டு. பட்டறைக்காரர் இரும்புக் கடையில் பில் இல்லாமல் தகடு எடுத்தால், 900 ரூபாய் இன்புட் போய்விடும். ஆகவே வாங்குகிறவரே நின்று பில் கேட்பார். அவர் கழிப்பதற்காகக் காட்டும் பில், விற்றவரின் கணக்குக்குச் சாட்சி. சங்கிலியில் இப்படிப் பில் கேட்கக் காரணம் இல்லாத ஒரே ஆள் கல்யாண வீட்டார்தான். ஓட்டை பெரும்பாலும் அங்கே விழுவதும் அதனால்தான்.

எனக்குச் சின்னப் பீரோப் பட்டறை. "காம்போசிஷன்ல போயிடுங்க, ஒரு சதவீதம்தான்" என்கிறார்கள். ஷோரூம்காரர் "அப்படின்னா உங்ககிட்ட வாங்க மாட்டேன்" என்கிறார். ஒரு சதவீதத்துக்கு ஏன் இந்தக் கோபம்?
*— ராஜபாளையம்*

அண்ணாச்சி, அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காம்போசிஷன் என்பது ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கிறவர்களுக்கான சுருக்கு வழி. மொத்த விற்பனையில் ஒரு சதவீதம் கைப்பணத்தில் கட்டிவிட்டால் போதும். பதிலுக்கு இரண்டை விட்டுக்கொடுக்கிறீர்கள். நீங்கள் இன்புட் எடுக்க முடியாது. வாங்குகிறவரிடம் வரி வசூலிக்கவும் முடியாது, ஆகவே அவருக்கும் இன்புட் கிடைக்காது. சங்கிலியில் உங்கள் கண்ணி அறுந்துவிடுகிறது.

கணக்கு இதோ. தகடு 5,000, வரி 900. கழிக்க வழியில்லாததால் 5,900 உங்கள் அடக்கம். உங்கள் 4,000 சேர்த்தால் 9,900. ஒரு சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும் என்பதால் விலை 10,000 வைக்கிறீர்கள். ஷோரூம் தன் 3,000 சேர்த்து 13,000 ஆக்கி, அதற்கு முழு 18 சதவீதம், 2,340 போடுகிறது. பீரோ 15,340. வழக்கமான சங்கிலியில் அது 14,160. ஒரு சதவீதம் என்று பேர். வாங்குகிறவர் தலையில் 1,180 ரூபாய் அதிகம். நீங்கள் கொடுத்த 900-ம் 100-ம் விலைக்குள் புதைந்து, அந்த 1,000-க்கு ஷோரூமில் 18 சதவீதம் விழுகிறது. பழைய வரி மேல் வரிதான், வேறு வாசலில் வந்திருக்கிறது.

அதே சமயம், கல்யாண வீட்டார் நேராக உங்கள் பட்டறைக்கே வந்து வாங்கினால் கதை தலைகீழ். காம்போசிஷனில் 10,000-க்குக் கொடுப்பீர்கள். வழக்கமான பதிவில் 9,000-மும் வரி 1,620-மும் சேர்ந்து 10,620. வாடிக்கையாளருக்கு 620 லாபம். ஆகவே யாரிடம் விற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். வாசலுக்கு வருகிறவர்கள்தான் உங்கள் வியாபாரம் என்றால் காம்போசிஷன். கடைகளுக்குச் சப்ளை என்றால் அது உங்களுக்குச் சரிப்படாது.

வாங்குகிற பட்டறை காம்போசிஷனா என்று எப்படித் தெரியும்?
*— தென்காசி*

பில்லின் தலையைப் பாருங்கள். "டாக்ஸ் இன்வாய்ஸ்" என்று இருக்காது, "பில் ஆஃப் சப்ளை" என்று இருக்கும். வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகமும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பில்லில் யாராவது 18 சதவீதம் எழுதி வாங்கியிருந்தால், அது வாங்கக் கூடாத பணம்.

எனக்குத் தகடு விற்றவர் வரியை வாங்கிக்கொண்டார். பில் இருக்கிறது, தகடு வந்தது, பணமும் பேங்க் வழியாகக் கொடுத்தேன். அவர் ரிட்டர்ன் போடவில்லை. இப்போது இன்புட் கிடையாது என்கிறார் ஆடிட்டர். நான் என்ன தப்பு செய்தேன்?
*— பீரோப் பட்டறை உரிமையாளர், மதுரை*

தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. இந்த முழு ஏற்பாட்டில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான்.

இன்புட் எடுக்கப் பில்லும் சரக்கும் மட்டும் போதாது. விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்பது 16-வது பிரிவின் நிபந்தனை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர், தான் விற்ற பில்களை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் GSTR-1 என்ற படிவத்தில் ஏற்றுகிறார். 14-ஆம் தேதி அவை உங்கள் கணக்கில் GSTR-2B என்ற பட்டியலாக வந்து நிற்கும். அதைப் பார்த்து 20-ஆம் தேதிக்குள் GSTR-3B போட்டு, கழித்தது போக மிச்சத்தைக் கட்டுகிறீர்கள். GSTR-2B-யில் வராத பில்லுக்குக் கழிவு இல்லை.

இன்னொரு குழியும் உண்டு. விற்றவர் GSTR-1-ல் பில்லை ஏற்றிவிட்டு, வரி கட்டும் GSTR-3B-ஐப் போடாமல் விடலாம். பட்டியலில் பில் வந்துவிட்டதே என்று நீங்கள் கழித்துவிடுவீர்கள். நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் செப்டம்பர் 30-க்குள் அவர் அதைப் போடாவிட்டால், நவம்பர் 30-க்குள் நீங்கள் எடுத்த கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். பிறகு என்றாவது அவர் போட்டால் நீங்கள் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

அதாவது உங்கள் 900 ரூபாயை ஒரு முறை அவரிடம் கொடுத்தீர்கள், இன்னொரு முறை அரசிடம் கொடுக்கிறீர்கள். வரி மேல் வரியை ஒழிக்க வந்த சங்கிலியில், ஒருவர் ஏமாற்றினால் அடுத்தவர் இரட்டை வரி கட்டுகிறார். பில்லும் சரக்கும் பேங்க் பணமும் கையில் வைத்திருக்கிறவரை விட்டுவிட்டு, வரியை வாங்கிக்கொண்டு கட்டாதவரைத்தான் முதலில் துரத்த வேண்டும். சரக்கே போகாமல் வெறும் பில் விற்கும் கூட்டம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கெடுபிடி என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கான வலையில் உங்களைப் போன்றவர்கள் மாட்டுவது அநியாயம்.

அனுபவப்பட்ட பட்டறைக்காரர்கள் செய்வதைச் சொல்கிறேன். தகட்டின் விலையைச் சரக்கு வந்ததும் கொடுக்கிறார்கள். வரித் தொகையை மட்டும், பில் GSTR-2B-யில் தெரிந்த பிறகு கொடுக்கிறார்கள். முதலிலேயே பேசி ஒப்புக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டிப் பாக்கி வைக்காதீர்கள். வைத்தால் அந்தக் காரணத்துக்காகவே கழிவைத் திருப்பிக் கட்ட நேரும்.

போன மழையில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்து 10 பீரோ வீணாகிவிட்டது. வாங்கிய தகட்டுக்கு வரி கட்டித்தானே இருக்கிறேன்? இன்புட் உண்டுதானே?
*— கடலூர்*

இல்லை. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். பீரோவுக்கு 900 என்றால் பத்துக்கு 9,000. அழிந்த, திருடுபோன, இலவசமாகக் கொடுத்த சரக்குக்குக் கழிவு கிடையாது என்று 17-வது பிரிவு சொல்கிறது. கடைசியில் ஒருவர் வரியோடு வாங்குவார் என்ற கணக்கில்தான் இடையில் இருப்பவர்களுக்குக் கழிவு. வாங்க ஆளே இல்லாமல் பொருள் அழிந்தால், அதை வைத்திருந்தவரையே கடைசி ஆளாகச் சட்டம் எண்ணுகிறது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சரக்கின் மதிப்பில் இந்த வரியையும் சேர்த்துக் காட்டுங்கள். இழப்பீடு கேட்கும்போது கைகொடுக்கும்.

எங்கள் லாட்ஜுக்கு 20 பீரோ வாங்கினோம். 43,200 ரூபாய் வரி. கழிக்கலாமா?
*— கொடைக்கானல்*

நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைகள் என்றால் முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அறைகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. குறைத்த கையோடு இன்புட்டையும் எடுத்துவிட்டார்கள். அறை எடுப்பவரின் பில்லில் 5 சதவீதம் மட்டும் தெரியும். பீரோ, மெத்தை, டிவிக்கு நீங்கள் கொடுத்த வரியெல்லாம் வாடகைக்குள் போய்விடும். அந்த வாடகையின் மேல்தான் 5 சதவீதம். குறைந்த விகிதம் என்று பார்த்து மகிழும்போது, "இன்புட் உண்டா?" என்று கூடவே கேட்டுவிடுங்கள்.

இன்புட் இருக்கும் சங்கிலியில் வரி மேல் வரி ஒரு பைசாகூட இல்லை என்று சொல்லிவிடலாமா?
*— வரி மேல் வரி பற்றி முன்பு கேட்ட அதே திருநெல்வேலி மாணவி*

சொல்ல முடியாது. பட்டறையின் வெல்டிங் மெஷின் ஓடுவது மின்சாரத்தில். பீரோவை ஏற்றிப்போகும் வண்டி ஓடுவது டீசலில். இரண்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கின்றன. டீசலில் மத்திய கலாலும் மாநில வாட்டும், மின்கட்டணத்தில் மின்வரியும் உண்டு. எதையும் கழிக்க முடியாது.

ஒரு பீரோவுக்குப் பட்டறையில் இப்படி 50 ரூபாய் வரி ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அது விலைக்குள் போகிறது. பட்டறை அதன் மேல் 9 ரூபாய் ஜி.எஸ்.டி. போடுகிறது. அந்த 9-ஐ ஷோரூம் கழித்துவிடுகிறது. ஆனால் 50-ஐக் கழிக்க முடியாது. ஷோரூம் விற்கும்போது அந்த 50-க்கும் சேர்த்து மறுபடி 9 போடுகிறது. கல்யாண வீட்டார் கொடுப்பது 59. வரி மேல் வரி இருக்கிறது. ஆனால் பழைய முறைபோல ஒவ்வொரு படியிலும் குட்டி போடவில்லை, கடைசியில் ஒரே ஒரு முறை நின்றுவிட்டது. மேலே பார்த்த 720, இன்புட் இல்லாமல் மூன்று முறை பெருகி 1,183 ஆனதை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். நல்ல கேள்வி, தொடர்ந்து கேளுங்கள்.

பழைய பீரோ வாங்கி, தட்டிச் சரிசெய்து விற்கிறேன். பதிவு பெற்ற கடை. வீட்டுக்காரர்களிடம் வாங்குவதால் பில்லும் இல்லை, இன்புட்டும் இல்லை. ஏற்கெனவே புதுசாக வாங்கும்போது வரி கட்டிய பீரோவுக்கு நான் மறுபடி முழு விலைக்கும் வரி போட்டால் அது வரி மேல் வரிதானே?
*— திண்டுக்கல்*

சரியாகப் பிடித்தீர்கள். அந்த விருதுநகர்த் தந்தை கொடுத்த 2,160 இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்காரரால் அதைக் கழிக்க முடியாது, உங்களுக்குப் பில் கொடுக்கவும் முடியாது. இதற்காகவே விதி 32-ல் தனி வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி போட்டால் போதும். 3,000-க்கு வாங்கி 4,500-க்கு விற்றால், 1,500-க்கு 18 சதவீதம், 270 ரூபாய். நட்டத்துக்கு விற்றால் வரியே இல்லை.

நிபந்தனை இரண்டு. அந்தப் பீரோவை வாங்கியதற்கு இன்புட் எடுத்திருக்கக் கூடாது. பொருளின் தன்மை மாறும் அளவுக்கு வேலை செய்திருக்கக் கூடாது. கீல் மாற்றுவதும் பெயிண்ட் அடிப்பதும் சின்ன வேலைதான். தகட்டை வெட்டிப் புது அலமாரி செய்துவிட்டால் அது பழைய பீரோ இல்லை, முழு விலைக்கும் வரி. வீட்டுக்காரரிடம் வாங்கும்போது தேதி, விலை, கையெழுத்தோடு ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3,000-ஐ நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.